வகுப்புத் தேர்வு மதிப்பெண் வழி மீள்கற்பித்தலைத் தீர்மானித்தல்: புணர்ச்சி இலக்கணத் தேர்வை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வகுப்பின் சராசரி மதிப்பெண் எப்பகுதியை மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பதைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு வினாவுக்கும் சரியான விடை அளித்தோர் விகிதம், உயர்நிலை – தாழ்நிலைக் குழுக்களுக்கிடையேயான வேறுபாடு, தவறான விடைகளின் பரவல் ஆகிய மூன்றையும் சேர்த்து நோக்கும்போதே அம்முடிவை எடுக்க இயலும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வினாப் பகுப்பாய்வு, வேறுபடுத்தும் திறன், மீள்கற்பித்தல், புணர்ச்சி

முன்னுரை

ஒன்பதாம் வகுப்பில் 40 மாணவர் புணர்ச்சி குறித்த 20 பலவுள் தெரிவு வினாக்களுக்கு விடையளித்ததாகக் கொள்வோம். சராசரி மதிப்பெண் 12. இவ்வெண்ணைக் கொண்டு ஆசிரியர் புணர்ச்சி முழுவதையும் மீண்டும் நடத்தலாம். போதுமென்று அடுத்த பாடத்திற்கும் செல்லலாம். இரண்டுக்கும் இது போதிய சான்றன்று. விளக்கத்திற்காக அமைத்துக்கொண்ட இத்தரவில் மூன்று வினாக்கள் மட்டும் இங்கு ஆராயப்படுகின்றன.

கணக்கிடும் முறை

விடைத்தாள்களை மொத்த மதிப்பெண்ணின் இறங்கு வரிசையில் அடுக்கி, மேலிருந்தும் கீழிருந்தும் 27 விழுக்காட்டினரைப் பிரித்தல் வேண்டும். 1939இல் கெல்லி பரிந்துரைத்த இவ்வளவின்படி 40 பேர் வகுப்பில் ஒவ்வொரு குழுவிலும் 11 பேர் அமைவர். ஒரு வினாவுக்கு உயர்நிலைக் குழுவில் சரியாக விடையளித்தோர் தொகையிலிருந்து தாழ்நிலைக் குழுவினர் தொகையைக் கழித்து, 11ஆல் வகுத்தால் கிடைப்பது அவ்வினாவின் வேறுபடுத்தும் திறன்.

| வினா | சரி (40இல்) | உயர்நிலை (11இல்) | தாழ்நிலை (11இல்) | வேறுபடுத்தும் திறன் |
|---|---|---|---|---|
| 7. நிலம் + கடந்தான் | 18 | 7 | 2 | 0.45 |
| 12. நாடு + யாது | 18 | 9 | 1 | 0.73 |
| 15. வேலை + கொடுத்தான் | 18 | 4 | 6 | –0.18 |

மூன்று வினாக்களிலும் சரியான விடை விகிதம் 0.45 என ஒன்றாகவே உள்ளது. எனினும் அவை மூன்று வேறு முடிவுகளுக்கு இட்டுச் செல்கின்றன.

தரவு உணர்த்துவன

ஏழாம் வினாவில் தவறிய 22 பேருள் 17 பேர் ‘நிலக்கடந்தான்’ என்னும் ஒரே விடையைத் தேர்ந்துள்ளனர். இது ஊகமன்று; ‘மரக்கிளை’யில் கற்ற விதியை, அதாவது மகர மெய் கெட்டு வல்லினம் மிகும் என்பதை, எல்லா இடத்திற்கும் விரித்துக்கொண்டதன் விளைவு. உயர்நிலைக் குழுவிலும் நால்வர் தவறியுள்ளனர். எனவே வகுப்பு முழுமைக்கும் மீள்கற்பித்தல் தேவை. ஆயினும் பாடத்தை முதலிலிருந்து நடத்த வேண்டியதில்லை. ‘மரக்கிளை’, ‘நிலங்கடந்தான்’ இரண்டையும் அருகருகே வைத்து, முன்னதில் மகரம் கெடுவதையும் பின்னதில் அது இன மெல்லினமாகத் திரிவதையும் ஒப்பிட்டுக் காட்டுவதே பொருந்தும்.

பன்னிரண்டாம் வினாவில் தவறான மூன்று விடைகளும் முறையே 8, 7, 7 பேரால் தேரப்பட்டுள்ளன. குறிப்பிட்ட தவறான கருத்து எதுவும் இங்கு வெளிப்படவில்லை. அறியாதோர் ஊகித்துள்ளனர் எனலாம். உயர்நிலைக் குழுவினர் பெரும்பாலும் அறிந்திருப்பதால், ‘நாடியாது’ என்பதில் உகரம் இகரமாகக் குறுகுவதைத் தவறியோருக்குத் தனிக்குழுவாகக் கற்பித்தல் போதுமானது.

பதினைந்தாம் வினாவில் நன்கு கற்றோரே மிகுதியாகத் தவறியுள்ளனர். எதிர்க்குறி பெறும் வினாவில் முதலில் ஐயுறத்தக்கது வினாவே. ஆசிரியர் குறித்த விடை ‘வேலை கொடுத்தான்’. ஆனால் ‘வேலை’ என்பதை வேல் + ஐ எனப் பிரித்துக் கொண்டால் ‘வேலைக் கொடுத்தான்’ என்பதும் சரியே. உயர்நிலைக் குழுவில் தவறிய எழுவருள் அறுவர் தேர்ந்தது இதனையே. ஆகவே மீள்கற்பித்தல் இங்குத் தேவையற்றது. இரு விடைகளையும் ஏற்றல் அல்லது வினாவை நீக்கி மதிப்பெண்ணைத் திருத்தல் வேண்டும்.

வரம்புகள்

பதினொருவர் கொண்ட குழுவில் ஒருவர் விடை மாறினாலும் வேறுபடுத்தும் திறன் 0.09 அளவு மாறும். ஆகவே 0.45, 0.36 போன்ற அண்மை எண்களுக்கிடையே தரம் பிரித்தல் பொருந்தாது. –0.18 என்பதும் இருவர் வேறுபாடே. அதனை வினா பிழையானது என்பதற்கு முடிவான சான்றாகக் கொள்ளாமல், வினாவை மீண்டும் படித்துப் பார்ப்பதற்கான குறிப்பாகவே கொள்ள வேண்டும். மேலும் ஒரு விதியை ஒரே வினா அளவிடும் நிலையில், மீள்கற்பித்தலுக்கு முன் அதே விதியில் மூன்று நான்கு புதிய சொற்களைக் கொடுத்து எழுதச் செய்து, தவறு தொடர்கிறதா என உறுதிப்படுத்திக்கொள்ளுதல் நன்று. ‘நிலக்கடந்தான்’ என எழுதியோர் ‘மரங்கண்டான்’ என்பதையும் ‘மரக்கண்டான்’ என எழுதினால் தவறு விதியில் உள்ளது. சரியாக எழுதினால் அது கவனக்குறைவாக இருக்கலாம்.

முடிவுரை

சரியான விடை விகிதம் எங்கு நோக்க வேண்டும் என்பதை மட்டுமே சுட்டுகிறது. யாருக்குக் கற்பிப்பது என்பதைக் குழு வேறுபாடும், எதைக் கற்பிப்பது என்பதைத் தவறான விடைகளின் பரவலும் தெரிவிக்கின்றன. எனவே சரி, தவறு என்பதை மட்டுமன்றி, ஒவ்வொரு மாணவரும் தேர்ந்த விடை எழுத்தையும் மதிப்பெண் பதிவேட்டில் குறித்து வைத்தால்தான் இப்பகுப்பாய்வு இயலும்.