அடுக்குமாடி வீட்டுக்குக் கையெழுத்திடும் முன்: தண்ணீர், மின்சாரம்

சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் மூன்று வழிகளில் வருகிறது: மெட்ரோ வாட்டர் குழாய், வளாகத்துக்குள் போட்ட போர், தண்ணீர் லாரி. பெரும்பாலான குடியிருப்புகளில் இவற்றில் இரண்டோ மூன்றோ கலந்தே இருக்கும். எந்த மாதத்தில் எது எவ்வளவு என்பதுதான் வீடு பார்ப்பவர் அறிய வேண்டிய முதல் செய்தி. மழைக்காலத்தில் போரிலேயே காலம் தள்ளும் குடியிருப்பு, மே மாதத்தில் முழுக்க லாரியை நம்பி நிற்கக்கூடும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது, குழாயை மட்டும் நம்பியிருந்த வளாகங்களும் லாரிக்குக் காத்திருக்க நேர்ந்தது.

“தண்ணீர்ப் பிரச்சினை உண்டா?” என்று கேட்டால் விற்பவர் இல்லை என்றுதான் சொல்வார். கேள்வியை எண்ணிக்கையாக மாற்றிக் கேட்க வேண்டும். கடந்த கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வந்தது, ஒரு லாரிக்கு என்ன விலை, போர் எத்தனை அடி, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினால் தண்ணீர் நின்றுபோகிறது என்பவை பயன் தரும் கேள்விகள். பழைய வீடானால், குடியிருப்போர் சங்கத்தின் கடந்த 12 மாதக் கணக்கைப் பார்த்தாலே இவற்றில் பாதிக்கு விடை கிடைத்துவிடும். லாரிச் செலவும் டீசல் செலவும் அதில் மாதவாரியாக இருக்கும். தண்ணீர் வரி ரசீது இருப்பது மட்டும் குழாயில் தண்ணீர் வருவதற்குச் சான்றாகாது. இணைப்பு இருக்கிறதா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று தனியே கேட்க வேண்டும்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். நகரங்களுக்கான மத்திய அரசின் குடிநீர் வழிகாட்டி நெறி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று வகுக்கிறது. 60 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்றால் ஒரு நாளைக்கு 32,400 லிட்டர் வேண்டும். கோடையில் போர் 10,000 லிட்டர் தருகிறது, குழாய் நீர் இல்லை என்று கொள்வோம். மீதி 22,400 லிட்டருக்கு 12,000 லிட்டர் லாரி இரண்டு தேவை. லாரி 1,500 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்கு 90,000 ரூபாய். ஒரு வீட்டின் பங்கு 1,500 ரூபாய். இது பராமரிப்புக் கட்டணத்தில் அடங்குமா, தனியே வசூலிக்கப்படுமா, மீட்டர்படியா, சதுர அடிப்படியா என்பதையும் கேட்டறிய வேண்டும். இருவர் மட்டும் வாழும் வீட்டுக்குச் சதுர அடிக் கணக்கு பாதகமாக முடியலாம்.

சேமிப்பின் அளவையும் இதே கணக்கோடு ஒப்பிட வேண்டும். இந்தக் குடியிருப்பில் நிலத்தடித் தொட்டியும் மாடித் தொட்டிகளும் சேர்ந்து 50,000 லிட்டர் கொண்டால், ஒன்றரை நாள் தாங்கும். 30,000 லிட்டர்தான் என்றால் லாரி ஒருநாள் தாமதமானாலே குழாய் வறண்டுவிடும்.

அடுத்தது தண்ணீரின் தரம். குளியலறைக் குழாயின் வாயிலும் ஷவர் துளைகளிலும் வெள்ளைப் படிவு தடித்திருந்தால் அது கடினநீர். கீசரும் சலவை இயந்திரமும் விரைவில் பழுதாகும். ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்துச் சில மணி நேரம் வைத்தால், இரும்பு கலந்த நீர் செம்பழுப்பாக மாறும். பேனா வடிவ டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பின் அளவைக் காட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி உண்டு. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவும் வாய்ப்பு இருப்பதால், இந்தச் சோதனையைக் கோடையில் செய்வதே நல்லது. கிருமி இருப்பதை இந்த மீட்டர் காட்டாது. அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும்.

தண்ணீர் இருந்தாலும் மேல்மாடிக்கு அழுத்தத்தோடு வருகிறதா என்பது வேறு கேள்வி. மாடித் தொட்டிக்கும் குழாய்க்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால் சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். மேல்மாடி வீட்டுக்கு அந்த உயரம் 3 மீட்டர்தான் என்றால் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பலரும் குளிக்கும் காலை ஏழு மணிக்குப் போய், சமையலறைக் குழாயையும் ஷவரையும் ஒரே நேரத்தில் திறந்து பார்க்க வேண்டும். 15 லிட்டர் வாளி நிறைய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால் ஓட்டம் குறைவு; அழுத்த மோட்டார் தேவைப்படும்.

இங்கேதான் தண்ணீரும் மின்சாரமும் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. நிலத்தடித் தொட்டியிலிருந்து தண்ணீரை மேலேற்றுவது மோட்டார். பல குடியிருப்புகளில் ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் பொதுவிளக்குக்கும் மட்டும் இருக்கும். தண்ணீர் மோட்டார் அதில் சேராது. மின்தடை நீண்டு, மாடித் தொட்டியும் காலியானால், நிலத்தடித் தொட்டி நிறைந்திருந்தும் வீட்டில் தண்ணீர் இராது. “பேக்கப் உண்டு” என்ற சொல்லுக்குப் பின்னால் எவையெல்லாம் இயங்கும் என்ற பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டுக்குள் எவ்வளவு கிடைக்கும் என்பதும் முக்கியம். ஒரு கிலோவாட் என்றால் விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி ஆகியவை ஓடும். ஒன்றரை டன் ஏசியும் கீசரும் ஓடாது. போட்டால் அளவுக் கட்டுப்பாட்டுக் கருவி வீட்டின் இணைப்பைத் துண்டிக்கும். சொல்லப்படும் அளவு உண்மையா என்பதை ஜெனரேட்டரின் பெயர்ப்பலகையே காட்டும். அதிலுள்ள கேவிஏ எண்ணை 0.8-ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். மேற்சொன்ன 60 வீட்டுக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு கிலோவாட் என்றால் 60 கிலோவாட். இரண்டு லிஃப்ட், தண்ணீர் மோட்டார்கள், பொதுவிளக்கு ஆகியவற்றுக்கு இன்னொரு 25 கிலோவாட் சேர்த்தால் மொத்தம் 85. பலகையில் 62.5 கேவிஏ என்றிருந்தால் அது 50 கிலோவாட்தான். எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் முழு அளவு எடுப்பதில்லை என்பதால் சற்றுக் குறைவாக வைப்பது வழக்கம். ஆனாலும் இவ்வளவு இடைவெளிக்கு அது விளக்கமாகாது. எவையெல்லாம் உண்மையில் இணைக்கப்பட்டுள்ளன என்று கேட்க வேண்டும்.

ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொல்வதில் தவறில்லை. மெயினை அணைத்ததும் அது தானாகக் கிளம்புகிறதா, காவலர் ஓடிப்போய்ப் போட வேண்டுமா, லிஃப்ட் இடையில் நின்றால் அருகிலுள்ள தளத்துக்கு வந்து கதவைத் திறக்கிறதா என்று பார்க்கலாம். கட்டுப்பாட்டுப் பலகையில் மொத்தம் ஓடிய மணிக்கணக்கு தெரியும். அதைச் சங்கத்தின் டீசல் கணக்கோடு ஒப்பிட்டால், இயந்திரம் உண்மையில் பயன்படுகிறதா என்பது புலப்படும். வீட்டு மின் இணைப்பு ஒருமுனையா மும்முனையா, ஒப்புதல் பெற்ற சுமை எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். இரண்டு ஏசி வைக்க நினைப்பவருக்குப் பழைய ஒருமுனை இணைப்பு போதாமல் போகலாம்.

பார்த்தவை எல்லாம் காகிதத்தில் ஏறினால்தான் பயன். புதிய திட்டமானால், 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் கட்டுமான நிறுவனம் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. விளம்பரத்தில் தந்த தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி இழப்புக்கு ஆளானவர் இழப்பீடு கோரவும் அந்தச் சட்டம் வழி செய்கிறது. ஆகவே விளம்பரத் தாளைப் பத்திரப்படுத்துவதுடன், தண்ணீர் ஆதாரம், தொட்டிகளின் கொள்ளளவு, ஜெனரேட்டரின் கேவிஏ, வீட்டுக்கான கிலோவாட், அதில் சேரும் மோட்டார்கள் ஆகியவற்றை ஒப்பந்தத்தின் இணைப்புப் பட்டியலில் எழுதி வாங்க வேண்டும். பழைய வீடானால் மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் மூன்றிலும் நிலுவை இல்லை என்ற சான்றைப் பெற வேண்டும். போர் ஆழப்படுத்துவது, ஜெனரேட்டர் மாற்றுவது போன்ற செலவுக்குச் சங்கம் ஏதேனும் தொகை தீர்மானித்திருக்கிறதா, அதை விற்பவர் கட்டுவாரா வாங்குபவர் கட்டுவாரா என்பதும் கையெழுத்துக்கு முன்பே முடிவாக வேண்டும்.