சேர்ந்து போய்ப் பார்க்கலாமா? மனைவிக்கு ஒரு கடிதம்

திருமண ஆலோசனைக்கு வரச்சொல்லி மனைவிக்குக் கணவர் எழுதும் கடிதம் பல நேரம் முதல் வரியிலேயே கெட்டுவிடும். "உன் கோபத்தால வீட்ல நிம்மதியே இல்ல, யாரையாவது பார்த்தாத்தான் சரியாகும்" என்று தொடங்கினால் அது குற்றப்பத்திரிகை. அதைப் படிக்கும் மனைவிக்கு, ஆலோசகர் கணவர் பக்கம் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவராகத்தான் தெரிவார்.

தொடக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். புதுமணத் தம்பதிகள் தங்களுக்குள் இருக்கும் ஒரு பிணக்கைப் பேசத் தொடங்கும் முதல் மூன்று நிமிடங்களை வைத்தே, யார் பின்னால் பிரிவார்கள் என்று பெருமளவு கணிக்க முடிந்ததாக அவரும் சிபில் கரேரும் 1999-இல் எழுதினார்கள். கடிதத்தில் ஒரு வசதி: அந்த முதல் நிமிடங்களை அடித்துத் திருத்தி எழுதலாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஷிப்மென்ட் நாட்களில் இரவு பத்தாகிவிடும். மனைவி "ஏன் லேட்டு?" என்பார். இவர் பதில் சொல்லாமல் மொபைலோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். இவர் விலக விலக அவர் குரல் உயரும். குரல் உயர உயர இவர் இன்னும் விலகுவார். தம்பதிகளோடு வேலை செய்யும் ஆலோசகர்கள் அடிக்கடி பார்க்கும் சுழற்சி இது. யார் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். இரண்டும் பொய்யாக இருக்காது.

இவர் இப்படி எழுதலாம்:

"போன செவ்வாய்க்கிழமை நீ ஏன் லேட்டுன்னு கேட்டப்ப, நான் ஒண்ணும் சொல்லாம மாடிக்குப் போயிட்டேன். பேசினா சண்டை பெருசாயிடுமோன்னு பயம். கீழ நீ தனியா உட்கார்ந்திருந்தப்ப உனக்கு எப்படி இருந்துச்சுன்னு நான் கேட்டதே இல்ல. நான் ஒதுங்கறதும் நீ திரும்பத் திரும்பக் கேக்கறதும் ஒண்ணை ஒண்ணு வளக்குதுன்னு நினைக்கிறேன். இதுலருந்து வெளிய வர எனக்குத் தனியா வழி தெரியல. ரெண்டு பேருமா ஒரு ஆலோசகரைப் பாக்கலாமா? இது பிரியறதுக்கான ஏற்பாடு இல்ல. ஆளை நீயே பாத்துச் சொல்லு. மூணு தடவை போவோம், பிடிக்கலைன்னா நிறுத்திடலாம். இப்ப வேண்டாம்னு நீ சொன்னாலும் சரி. ரெண்டு வீட்லயும் யார்கிட்டயும் நான் சொல்லல."

"நீ எப்பவுமே இப்படித்தான்" என்ற வாடை இதில் இல்லை. ஒரு நாள், ஒரு செயல், அதுவும் எழுதுபவர் தானே செய்தது. சண்டைக்குக் காரணமாக நிற்பது மனைவியின் குணம் அல்ல, இருவரும் மாட்டிக்கொண்ட அந்தச் சுழற்சி. ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அவரிடம் கொடுத்திருப்பதால், முன்னாலேயே பேசிவைத்த ஒருவரிடம் கூட்டிப்போகிறாரோ என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை.

சறுக்குகிற இடமும் உண்டு. "நீ என்னை மதிக்கறதே இல்லைன்னு எனக்குத் தோணுது" என்ற வாக்கியம் மனம் திறப்பது போலத் தெரியும். கடைசி இரண்டு சொற்களை அடித்துவிட்டுப் பாருங்கள், மிஞ்சுவது குற்றச்சாட்டு. இதற்கு நேர் எதிரான "எல்லாம் என் தப்பு" என்பதும் உதவாது. புண்பட்டிருக்கும் மனைவி எழுதியவரைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

பிரியும் ஏற்பாடு இல்லை என்று வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பலருக்கு கவுன்சலிங் என்றதும் நினைவுக்கு வருவது குடும்ப நீதிமன்றம். 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அந்த நீதிமன்றங்களில், வழக்கு வந்தபிறகு சமரசத்துக்காக நடப்பது அது. தாங்களாகவே போகும் ஆலோசனை வேறு. ஏறக்குறைய ஒரு மணி நேர அமர்வு. முதலில் இருவரோடும் சேர்ந்து, பிறகு பெரும்பாலும் ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுவார்கள். தனியாகச் சொன்னதை மற்றவர் முன்னால் எடுப்பார்களா என்பதில் ஆலோசகருக்கு ஆலோசகர் வழக்கம் மாறும். முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

அடி, மிரட்டல், பயம் உள்ள வீட்டுக்கு இந்தக் கடிதம் பொருந்தாது. அறைக்குள் மனைவி வாய் திறந்து சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கலாம். அங்கே மாறவேண்டியவர் கணவர். உதவி தேடித் தனியாகப் போகவேண்டியவரும் அவர்தான். மனைவிக்கு 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது.

மற்ற வீடுகளில், கடிதத்தைச் சண்டை நடந்த இரவே கொடுக்க வேண்டாம். கொடுத்தபின் "படிச்சியா?" என்று தினமும் கேட்கவும் வேண்டாம். "நீங்க முதல்ல போயிட்டு வாங்க" என்று பதில் வந்தால் போகலாம். ஒருவர் தன் பங்கை மாற்றினாலே சண்டையின் போக்கு மாறக்கூடும். திரும்பி வந்ததும் "கவுன்சலரே சொல்லிட்டாரு" என்று மட்டும் ஆரம்பிக்கக் கூடாது.