அட்டவணை சொல்லும் வேக விதி

நைட்ரிக் ஆக்சைடும் ஹைட்ரஜனும் சேர்ந்து நைட்ரஜனும் நீராவியும் தரும் வினையை (2NO + 2H₂ → N₂ + 2H₂O) 1280 டிகிரி செல்சியஸில் அளந்த அட்டவணையில், ஒரு பொருளின் செறிவு மட்டும் மாறியுள்ள இரு வரிசைகளைத்தான் முதலில் தேட வேண்டும். ஹைட்ரஜன் லிட்டருக்கு 0.002 மோலாகவே இருக்க, நைட்ரிக் ஆக்சைடு 0.005-லிருந்து 0.010 ஆகிறது, தொடக்க வேகம் 0.000013-லிருந்து 0.000050 ஆகிறது. விகிதம் ஏறத்தாழ 3.85. சோதனைப் பிழையைக் கணக்கில் கொண்டால் அது 4, அதாவது 2-இன் வர்க்கம். ஆகவே நைட்ரிக் ஆக்சைடைப் பொறுத்து வினைவகை 2.

அடுத்த வரிசையில் ஹைட்ரஜன் மட்டும் இரட்டிப்பாக, வேகமும் இரட்டிப்பாகிறது. அதன் வினைவகை 1, மொத்தம் 3. சமன்பாட்டில் ஹைட்ரஜனுக்கு முன்னுள்ள 2-ஐ அப்படியே அடுக்காக எழுதிவிடுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம்.

வேகம் = k[NO]²[H₂]. மூன்று வரிசைகளிலும் k 250-ஐ ஒட்டியே வருகிறது. பெரிதும் மாறினால் அடுக்கு தவறு.