முப்பது நொடியில் ஆடித் தள்ளுபடி

ஆனி கடைசியிலேயே தொலைக்காட்சியில் ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் வந்துவிடுகின்றன. முப்பது நொடிக்குள் நிதானமாகப் பேச முடிவது ஏறக்குறைய ஐம்பது சொற்கள்தான். அதனால் முதல் நான்கைந்து நொடியிலேயே ஆளை நிறுத்தியாக வேண்டும். "அம்மா, பட்டுப்புடவை பாதி விலையாம்!" என்று ஒரு மகள் ஓடிவந்தால், சமையலறையில் இருப்பவரும் எட்டிப் பார்ப்பார்.

அடுத்து விலை. நிறைய விலைகளை அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்காது. 999 ரூபாய்ச் சேலை 499 என்று ஒன்றைத் திரையில் பெரிதாகக் காட்டி, குரலிலும் சொன்னால் போதும். கடைசி எட்டு நொடி பாட்டுக்கு. எதுகையோடு கடைப்பெயர் இரண்டு மூன்று முறை வந்தால், குழந்தைகளே பாடிப் பரப்பிவிடுவார்கள்.

சிக்கல் "50 சதவீதம் வரை" என்பதில் உள்ள "வரை"யில்தான். பாதி விலைக்குச் சில சேலைகளே இருக்கும். மற்றவற்றுக்குப் பத்து சதவீதமே கிடைக்கலாம். நிபந்தனையும் பொடி எழுத்தில் ஓடி மறையும். இது நியாயமில்லை. 2022-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைப்படி, அறிவிப்பு எந்த மொழியிலோ நிபந்தனையும் அதே மொழியில், தெளிவாகத் தெரிய வேண்டும். போதிய சரக்கின்றி ஆசைகாட்டி அழைப்பதும் தவறு.

ஏமாந்தால் ரசீதோடு 1915-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள்.