விலையும் ஏறியது, வேலையும் போனது

பணவீக்கம் கூடினால் வேலையின்மை குறையும், வேலையின்மை கூடினால் பணவீக்கம் தணியும். 1960களின் பொருளாதாரக் கொள்கை பெரிதும் இந்த நம்பிக்கையில்தான் நின்றது. பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையிலான கூலி, வேலையின்மைக் கணக்குகளை ஆராய்ந்து ஏ. டபிள்யூ. பிலிப்ஸ் 1958இல் வரைந்த வளைகோடு அதற்கு ஆதாரம். 1960இல் சாமுவேல்சனும் சோலோவும் அதை அமெரிக்க விலைவாசிக்குப் பொருத்திக் காட்டினார்கள். இந்த உறவு காலப்போக்கில் இடம் மாறலாம் என்றும் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை அதிகம் காதில் விழவில்லை.

1969இல் அமெரிக்க வேலையின்மை 3.5 சதவீதம். 1970 முடிவதற்குள் அது 6 சதவீதத்தைத் தொட்டது. கோட்டின்படி விலையேற்றம் தணிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டும் விலைவாசி 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எண்ணெய் நெருக்கடிக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது. தேக்கநிலைப் பணவீக்கத்துக்கு அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையை மட்டும் காரணம் சொல்வோர் இதைக் கவனிப்பதில்லை.

கோடு எங்கே பிசகியது என்பதை மில்டன் ஃப்ரீட்மனும் எட்மண்ட் ஃபெல்ப்ஸும் முன்கூட்டியே, 1967-68இல், தனித்தனியே விளக்கியிருந்தார்கள். விலை 4 சதவீதம் ஏறும் என்று நினைத்துத் தொழிலாளர்கள் 4 சதவீதக் கூலி உயர்வுக்கு ஒப்புக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசு செலவைக் கூட்ட, விலை 6 சதவீதம் ஏறிவிடுகிறது. விற்கும் விலையோடு ஒப்பிட்டால் முதலாளிக்குக் கூலி மலிவாகிவிட்டது. கூடுதலாக ஆள் எடுக்கிறார். அடுத்த பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கம் 6 சதவீதம் கேட்கிறது. மலிவு மறைகிறது, வேலையின்மை பழைய அளவுக்கே திரும்புகிறது. 6 சதவீத விலையேற்றம் மட்டும் தங்கிவிடுகிறது. மறுபடியும் வேலையின்மையைக் குறைக்க 8 சதவீதம் தேவைப்படும். வளைகோடு மறைத்தது இந்த எதிர்பார்ப்பைத்தான்.

இந்த நிலையில்தான் 1973 அக்டோபரில் எண்ணெய்த் தடை வந்தது. பீப்பாய் சுமார் 3 டாலராக இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. உற்பத்திச் செலவு ஏறியதால் ஆலைகள் விலையை உயர்த்தின, உற்பத்தியைக் குறைத்தன, ஆட்களையும் அனுப்பின. 1974இல் அமெரிக்கப் பணவீக்கம் 11 சதவீதம். 1975 மே மாதத்தில் வேலையின்மை 9 சதவீதம். மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியைக் கூட்டினால் வேலை போகும், குறைத்தால் விலை ஏறும். இரண்டையும் ஒருசேரத் தணிக்கும் வட்டி விகிதம் கிடையாது.

ஆனாலும் பிலிப்ஸ் கண்ட உறவு முழுப் பொய்யல்ல என்பதே என் கருத்து. எதிர்பார்ப்பு மாறாத குறுகிய காலத்துக்கு அது செல்லும். அந்த எதிர்பார்ப்பை உடைக்கத்தான் ஃபெடரல் ரிசர்வ் தலைவர் பால் வோல்கர் வட்டியை 20 சதவீதம் வரை ஏற விட்டார். 1980இல் 13.5 சதவீதமாக இருந்த பணவீக்கம் 1983இல் 3.2 ஆனது. இடையில், 1982 இறுதியில், வேலையின்மை 10.8 சதவீதம். அந்த நாட்டில் பெருமந்தக் காலத்துக்குப் பின் அதுவரை அவ்வளவு பேர் வேலையின்றி நின்றதில்லை.