கடைசி நாள் மடல்

சென்னையின் ஓ.எம்.ஆர். சாலையில் வரிசையாக நிற்கும் மென்பொருள் அலுவலகங்களில் யாராவது ஒருவருக்கு இன்று கடைசி நாளாக இருக்கும். மாலை நாலரை மணிவாக்கில் ‘லாஸ்ட் ஒர்க்கிங் டே’ என்ற தலைப்போடு அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். ‘எல்லோருக்கும் நன்றி, நிறையக் கற்றுக்கொண்டேன், தொடர்பில் இருப்போம்’ என்று நாலு வரி. கீழே சொந்த செல்பேசி எண். பெயரை மாற்றினால் அந்த மடலை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம்.

14 ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இருந்து, அதில் கடைசி 9 ஆண்டுகள் டீம் லீடாக இருந்துவிட்டு, 2024 ஏப்ரலில் நான் விலகினேன். நானும் முதலில் எழுதியது அதே நாலு வரியைத்தான். எழுதி முடித்துப் படித்தபோது, என்னோடு இரவெல்லாம் விழித்திருந்தவர்களுக்கு இதைத் தருவதா என்று வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டு மறுபடி எழுத மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

‘பேப்பர் போட்டாச்சு’ என்று சொல்லும் நாளிலிருந்து அநேக நிறுவனங்களில் 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் காலம் உண்டு. அதில் பெரும்பகுதி ‘கேடி’யில் போய்விடும். தன் தலையில் இருக்கும் வேலை விவரங்களை அடுத்தவருக்குக் கடத்தும் படலத்துக்கு அலுவலகத்தில் அந்தப் பெயர். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எந்த நிரல் எந்த நேரத்தில் ஓடும், நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் அதில் அடங்கும். யார் எதைச் செய்து அந்த வேலையை நிற்கவைத்தார்கள் என்பதற்கு மட்டும் கேடி ஆவணத்தில் இடம் கிடையாது. லீடு போனதும் அந்த விவரமும் போய்விடும். அதை எழுதிவைக்க அவருக்குக் கிடைக்கும் ஒரே தாள் விடைபெறும் மடல்தான்.

என் மடலில் இருந்த ஒரு பத்தியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் அணி பிரிட்டனில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை செய்தது. பாலிசிதாரர் ஒவ்வொருவருக்கும் அடுத்த பிரீமியம் எந்தத் தேதியில் என்று கணக்கிடும் நிரல் எங்கள் பொறுப்பில் இருந்தது. பழைய நிரல். தேதியை வெறும் எழுத்துகளாக எடுத்துக்கொண்டு, ஆண்டு இருக்கும் இடத்தில் ஒன்றைக் கூட்டிவிடும். 2015 ஜூன் 10 என்றால் 2016 ஜூன் 10 என்று வரும். பல ஆண்டுகள் சரியாகவே ஓடியது.

2016 ஜனவரியில், சேர்ந்து ஏழு மாதமே ஆன ஒரு டெஸ்டர் என் மேசைக்கு வந்தார். “அண்ணா, பிப்ரவரி 29-ல ஒருத்தர் பாலிசி எடுத்தா, அடுத்த வருஷம் எந்தத் தேதி வரும்?” என்று கேட்டார். “அன்னைக்கு எத்தனை பேர் எடுக்கப்போறாங்க? விடும்மா, அப்புறம் பாக்கலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ரிலீஸ் நெருக்கடி இருந்தது. ஆனாலும் நான் சொன்னது தவறு. அவர் விடவில்லை. பிழைப்பட்டியலில் அதைப் பதிவு செய்தார். அதோடு, அடுத்த ஆண்டு தேதியை பிப்ரவரி 28 என்று வைப்பதா, மார்ச் 1 என்று வைப்பதா என்ற கேள்வியையும் வாடிக்கையாளருக்கு அனுப்பிப் பதில் வாங்கி, அதே பதிவின் அடியில் சேர்த்து வைத்தார்.

மார்ச் 1, செவ்வாய்க்கிழமை. பிரிட்டனில் இரவு ஒரு மணி, நமக்குக் காலை ஆறரை. முந்தைய நாளின் பாலிசிகளை எடுத்துக்கொண்டு பேட்ச் ஓடத் தொடங்கியது. 2017 பிப்ரவரி 29 என்ற, நாட்காட்டியிலேயே இல்லாத தேதி ஒன்று உருவானது. அடுத்த கட்டத்தில் தேதியைச் சரிபார்க்கும் நிரல் அதை ஏற்காமல் நிறுத்திவிட்டது. அவர்கள் காலையில் அலுவலகம் திறப்பதற்குள் பேட்ச் முடியாவிட்டால் அன்றைய பிரீமியம் அறிவிப்பு எதுவுமே போகாது. இரவுப் பணியில் இருந்த சப்போர்ட் ஊழியர் பிழைச்செய்தியில் தெரிந்த தேதியைப் பார்த்ததும் பிழைப்பட்டியலில் தேடினார். அந்தப் பெண்ணின் பதிவு கிடைத்தது. என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வாடிக்கையாளரின் பதிலும் அங்கேயே இருந்தது. இல்லையென்றால் அந்த நேரத்தில் லண்டனில் யாரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்பது? ஒரு மணி நேரத்துக்குள் பேட்ச் மறுபடி ஓடியது.

மின்னஞ்சலை ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அணியில் புனேக்காரர்களும் இருந்தார்கள். இந்த இடத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘2016 ஜனவரியில் பிப்ரவரி 29 பற்றி நீ கேட்டாய். விடு என்று சொன்னேன். நீ விடாமல் எழுதிவைத்தாய். மார்ச் 1 காலை நம் அணியின் பெயரைக் காப்பாற்றியது உன் பதிவு. அன்று எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு உனக்கும், அதைத் தேடி எடுத்த இரவுப் பணியாளருக்கும் உரியது.’ இருவரின் பெயரும் மடலில் இருந்தன. இங்கே அவற்றை விட்டுவிட்டேன்.

இந்தப் பத்தியை எழுதும்போது ஒன்று கவனித்தேன். ‘நீ கடுமையாக உழைத்தாய்’ என்று எழுதினால் அது யாருக்கும் பொருந்தும்; படிப்பவர் மனத்தில் நிற்காது. நாள், கேள்வி, செய்த காரியம், அதனால் விளைந்தது என்று எழுதினால் அது அவருடையதாகிவிடுகிறது. நாளை சம்பள உயர்வுக்கோ வேறு வேலைக்கோ அவர் பேசப்போகும்போது எடுத்துக்காட்ட ஓர் எழுத்துச் சான்றும் ஆகிறது. லீடின் தவறையும் அதோடு சேர்த்துச் சொன்னால்தான் கதை உண்மையாக இருக்கும். என் தவறை மறைத்துவிட்டு அவரை மட்டும் புகழ்ந்திருந்தால், விஷயம் தெரிந்த நாலு பேர் அந்த மடலையே நம்பியிருக்க மாட்டார்கள்.

அடுத்த சிக்கல் ஞாபகம். 14 ஆண்டுகளை நினைத்துப் பார்க்கும்போது கடைசி இரண்டு ஆண்டுகளில் உடனிருந்தவர்கள்தான் முதலில் வருகிறார்கள். பத்துப் பேரைச் சொல்லிப் பதினோராவது ஆளை விட்டுவிட்டால், அவருக்கு அந்த மடல் மரியாதையாக இருக்காது, காயமாக இருக்கும். அதனால் ஞாபகத்தை நம்பாமல் பதிவேடுகளைப் பார்த்தேன். நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட் என்ற ஏற்பாட்டில் இந்த ஒரு வரியைத் தட்டினால் போதும்:

```
git shortlog -sn
```

தொடக்கத்திலிருந்து அந்த நிரலில் கை வைத்தவர்கள் எல்லோருடைய பெயரும், யார் எத்தனை முறை மாற்றம் செய்தார்கள் என்ற எண்ணிக்கையோடு வரும். எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் பெயரைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் புதிதாகச் சேர்ந்தபோது என் முதல் நிரலை வரிவரியாகத் திருத்திக் கொடுத்த சீனியரின் பெயர் அதில் இருந்தது. அவர் இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை, மின்னஞ்சல் அவருக்குப் போகாது. ஆனாலும் அவர் பெயரை எழுதினேன். அவர் ஆரம்பித்துவைத்த பழக்கங்களில்தான் இன்றைய பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், அவர் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. எண்ணிக்கை பெரியதாக இருப்பதால் பங்கும் பெரியது என்று ஆகாது. பத்தே மாற்றம் செய்தவர் அணியையே காப்பாற்றியிருப்பார். டெஸ்டர்கள், சப்போர்ட் ஊழியர்கள் அதில் வரவே மாட்டார்கள். அவர்களைப் பிழைப்பட்டியலிலும் ஷிப்ட் அட்டவணையிலும் தேட வேண்டும். துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள், கேப் ஓட்டுநர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அநேகமாக ஒப்பந்த ஊழியர்கள் என்பதால் நிறுவன மின்னஞ்சலும் அவர்களுக்குக் கிடையாது. அவர்களிடம் நேரில்தான் போய்ச் சொல்ல வேண்டும். நான் கடைசி நாள் காலையை அதற்கென்றே ஒதுக்கினேன். எங்கள் தளத்தைக் கூட்டிய அம்மா, “போறவங்க யாரும் சொல்லிட்டுப் போறதில்ல தம்பி” என்றார்.

எதை எழுதக்கூடாது என்பதிலும் எனக்குத் தடுமாற்றம் இருந்தது. என் வரைவில் ஒருவரைப் பற்றி, ‘தந்தை மருத்துவமனையில் இருந்த வாரத்திலும் வேலையை முடித்தவர்’ என்று எழுதியிருந்தேன். நல்லெண்ணத்தில் எழுதியதுதான். இருந்தாலும் கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டேன். “அண்ணா, அது வேண்டாம், வேலையை மட்டும் சொல்லுங்க” என்றார். எடுத்துவிட்டேன். குடும்பம், உடல்நலம், யாருக்கு எந்த ரேட்டிங் என்பதெல்லாம் மடலில் வரக்கூடாது. வாடிக்கையாளரின் பெயர், பணத்தொகை, பாதுகாப்பு ஓட்டை போன்ற விவரங்களும் கூடாது; மடல் ஒருமுறை வெளியே போனால் எங்கெங்கோ போகும். பிப்ரவரி 29 கதையைக்கூட எங்கள் அணிக்கு மட்டும் போன மடலில்தான் எழுதினேன். பெரிய வட்டத்துக்கு வேறொரு சிறிய மடல் அனுப்பினேன்.

மனக்குறைகளை என்ன செய்வது? 14 ஆண்டுகளில் எனக்கும் இருந்தன. ஒரு பதவி உயர்வு தள்ளிப்போன விதம் இன்றும் உறுத்துகிறது. அதை மனிதவளத் துறையின் விலகல் நேர்காணலில் சொன்னேன். கேட்டுப் பதிவு செய்வதற்கென்றே இருக்கும் இடம் அது. விடைபெறும் மடலில் சொன்னால், அங்கேயே வேலை செய்யப்போகிறவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். பதில் எழுதினால் மேலதிகாரிக்கு ஆகாது, எழுதாவிட்டால் எனக்கு ஆகாது. போகிறவன் அவர்களை அந்த நிலையில் விட்டுப் போகக்கூடாது.

அனுப்பும் நேரமும் முக்கியம். கடைசி நாள் மாலையில் மடிக்கணினியை ஒப்படைத்ததும் கணக்கு மூடப்படும். அதன் பிறகு வரும் பதில்களை நம்மால் படிக்க முடியாது. நான் காலை பதினொன்றுக்கு அனுப்பினேன். பெரிய வட்டத்துக்குப் போன மடலில் முகவரிகளை மறைநகல் பகுதியில் போட்டேன். இல்லாவிட்டால் ஒவ்வொருவர் சொல்லும் வாழ்த்தும் முந்நூறு பேர் பெட்டியில் போய் விழும். என் வேலையில் எது இனி யாரிடம் என்று மடலின் கடைசியில் மூன்றே வரி எழுதினேன்.

மாலைக்குள் பதில்கள் வந்தன. அந்த டெஸ்டர் இப்போது ஒரு டெஸ்டிங் அணிக்கு லீடு. அவர் ஒரே வரி எழுதியிருந்தார்: “அண்ணா, இந்த வருஷம் பிப்ரவரி 29-ம் பிரச்சினை இல்லாம ஓடுச்சு, பாத்தீங்களா?”

நோட்டீஸ் காலத்தில் இருக்கும் லீடுகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மடலைக் கடைசி நாளில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இந்த வாரமே பிழைப்பட்டியலையும் ஷிப்ட் அட்டவணையையும் திறந்து பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு மூடிய பிறகு அவற்றைப் பார்க்க முடியாது.