கடை அனுப்பிய பணம் எங்கே போச்சு?

பட்டு ஊரில் இருப்பவளுக்குப் புடவையால் தூக்கம் போனது என்றால் சிரிப்பீர்கள். என் நாத்தனார் மகளின் முகூர்த்தப் புடவைக்காக, காந்தி ரோட்டுக் கடை ஒன்றில் 18,500 ரூபாய் முன்பணத்தை என் கிரெடிட் கார்டில் கட்டினேன். கோர்வைப் புடவை, தறியில் ஏறவே தாமதமாகிவிட்டது. கல்யாணம் நெருங்கவே, வேறு இடத்தில் எடுத்துவிட்டோம். கடைக்காரர் முகம் கோணாமல், "எந்தக் கார்டுல வந்துச்சோ அதுக்கே திருப்பி அனுப்பிடறேம்மா" என்றார்.

இங்கேதான் சிக்கல். வருடக் கட்டணம் தண்டம் என்று, நடுவில் அந்தக் கார்டையே மூடியிருந்தேன்! பத்து நாள் ஆகியும் பணம் வரவில்லை. கடையில் "அனுப்பியாச்சு" என்கிறார்கள். வங்கிக்குப் போன் செய்தால், "உங்க பேர்ல கார்டே இல்லையே" என்கிறார்கள். "அண்ணி, பணம் நடுவுல தொலைஞ்சு போச்சா?" என்று நாத்தனார் அழாத குறை.

கார்டுப் பிரிவில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் விளக்கினான். கார்டின் தேதி மட்டும் முடிந்திருந்தால் கவலையே இல்லையாம். கணக்கு உயிரோடு இருப்பதால், புதுக் கார்டின் எண் மாறியிருந்தாலும் வங்கி பணத்தை அதே கணக்கில் சேர்த்துவிடும். கணக்கையே மூடியிருந்தால்தான் வம்பு. அப்போதும் பணம் கார்டு கொடுத்த வங்கிக்குத்தான் முதலில் போகும். அந்த வங்கி, மூடிய கணக்கின் பேரில் வரவு வைத்திருக்கும். இல்லையென்றால், கடையின் வங்கிக்கே திருப்பியிருக்கும்.

எது நடந்தது என்று கண்டுபிடிக்க, ஏ.ஆர்.என். என்ற 23 இலக்க எண்ணைக் கடையில் கேட்கச் சொன்னான். கடைக்காரர் முதலில் மெஷின் சீட்டைத்தான் நீட்டினார். அது அனுப்பியதற்குத்தான் சாட்சி, சேர்ந்ததற்கு இல்லை. தன் வங்கியில் கேட்டு, இரண்டு நாளில் எண்ணை வாங்கித் தந்தார்.

அந்த எண், பழைய கார்டின் கடைசி நான்கு இலக்கம், கார்டை மூடிய தேதி, தொகை எல்லாம் எழுதி வங்கிக்கு மெயில் அனுப்பினேன். என் சேமிப்புக் கணக்கின் பாஸ்புக் முதல் பக்கத்தையும் சேர்த்தேன். அப்புறம்தான் மூடிய கணக்குகளில் தேடினார்கள். 18,500-ம் அங்கேயே இருந்தது! போனில் பேசியவர் நடப்பில் உள்ள கார்டுகளை மட்டும் பார்த்திருக்கிறார்.

மூடிய கிரெடிட் கார்டில் வரவு மிச்சம் இருந்தால், அதை வாடிக்கையாளரின் வங்கிக் கணக்குக்கு மாற்ற வேண்டும், கணக்கு விவரம் இல்லாவிட்டால் கேட்டு வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே விதி போட்டிருக்கிறது. இதையும் மெயிலில் எழுதியிருந்தேன். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால், cms.rbi.org.in தளத்தில் முறையிடலாமாம். எனக்கு அதற்கு வேலை வரவில்லை. ஒன்பதாம் நாள் பணம் சேமிப்புக் கணக்கில் ஏறிவிட்டது.

பணம் கடையின் வங்கிக்கே திரும்பியிருந்தால், என் வங்கியிடம் அதை எழுத்தில் வாங்கிக் கடையில் காட்டியிருக்க வேண்டும். கடைக்காரர் கணக்குப் பார்த்து, என் சேமிப்புக் கணக்குக்கு நேராக அனுப்பியிருப்பார்.

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்